உழக்கும் மிஞ்சாத கணக்கு
பழமொழிகளை மொழிபெயர்ப்பது பற்றிச் சில எண்ணங்கள்

பழமொழியை மொழிபெயர்ப்பது எளிதான காரியம் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். ஒரு வரிதானே, அதிலும் ஐந்தாறு சொற்கள்தானே என்பது அவர்கள் எண்ணம். ஒரு கவிதையைப் பெயர்க்கப் பத்து நாள் எடுத்துக்கொள்ளும் நண்பர், கதையொன்றில் வரும் பழமொழியைப் பேனா நிற்காமலே தாண்டிச் சென்றுவிடுகிறார். கவிதையில் தவறினால் கவிஞன் ஒருவனுக்கு இழப்பு. பழமொழியில் தவறும்போது ஊரின் வாய்க்கே இழப்பு நேருகிறது. இந்த இழப்பு எப்படி நேருகிறது என்பதைச் சில உதாரணங்களால் ஆராய்வதே நம் நோக்கம்.

வாழைச்சேனையிலிருந்து வாகரை நோக்கி வடக்கே செல்லும் வீதியில் காயான்கேணிக்கும் பனிச்சங்கேணிக்கும் இடையே உள்ளது மாங்கேணி. ஒரு புறம் கடல், மறு புறம் களப்பும் காடும் வயலும். இவ்வூர்ப் பக்கத்தில் மாணாக்கர் சிலருடன் சேர்ந்து முதியோர் வாய்ச் சொற்களைத் திரட்டி, அவற்றைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தரும் சிறு முயற்சியொன்றில் நாம் ஈடுபட்டிருக்கிறோம். திரட்டுவது கடினமாக இருக்கவில்லை. பெயர்க்க உட்கார்ந்தபோதுதான் மாணாக்கரிடையே மூன்று கட்சிகள் தோன்றின. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் போதும் என்றது ஒரு கட்சி. அந்தந்த மொழியில் வழங்கும் இணைப் பழமொழியைத் தேடிப் போடவேண்டும் என்றது இன்னொன்று. பழமொழியைத் தமிழிலேயே விட்டுவிட்டுப் பொருளைக் குறிப்பாக எழுதினால் என்ன என்றது மூன்றாவது.

இந்த மூன்று கட்சிகளும் புதியனவல்ல. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே தமிழ்ப் பழமொழிகளை ஆங்கிலத்திற் கொண்டுசென்ற மூவர் இந்த மூன்று வழிகளிலும் நடந்து பார்த்திருக்கிறார்கள். ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய பீற்றர் பேர்சிவல் பாதிரியார் 1843இல் யாழ்ப்பாணத்தில் ஒரு தொகுப்பை அச்சிட்டார். பின்னர் சென்னையில் 1874இல் அது 6,156 பழமொழிகள் கொண்ட பெருநூலாக விரிந்தது. அவர் பெரும்பாலும் நேர்பெயர்ப்போடு நின்றவர். 1894இல் வெளிவந்த ஜோன் லாசரஸின் பழமொழி அகராதி 9,000க்கு மேற்பட்டவற்றைத் தாங்கியது. பொருளையும் வழங்கும் இடத்தையும் ஆங்கிலத்தில் குறிப்பாகச் சொல்வதே தம் வழி என்பதை அதன் தலைப்பே அறிவித்தது. 1897இல் டேனிஷ் பாதிரியார் ஹெர்மன் ஜென்சன் 3,600க்கு மேற்பட்ட பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்து, பெயர்ப்பும் விளக்கமும் தந்து, ஒப்புமை கண்டவிடத்து ஐரோப்பியப் பழமொழியையும் அருகே வைத்தார். மூவரும் எழுதியது ஆங்கிலம் படிக்கும் பாதிரிமாருக்கும் அலுவலருக்கும் என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர்கள் உழைப்பை இகழ்வது நன்றியின்மை. நம்மவர் கைவிட்ட ஆயிரக்கணக்கான சொற்கள் அவர்கள் ஏடுகளில்தான் இன்றும் உயிரோடிருக்கின்றன.

மூவரில் யார் சரி என்று கேட்பது பயனற்ற கேள்வி. எந்தப் பழமொழிக்கு எந்த வழி என்பதே கேட்கத்தக்கது.

களப்போரத்தில் நாள்தோறும் காணும் பறவையையே முதலில் எடுத்துக்கொள்வோம். "கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிப்பது போல" என்பது நம் பழமொழி. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஆங்கிலேயனுக்குக் கிடைப்பது ஒரு கொக்கும் கொஞ்சம் வெண்ணெயும் மட்டுமே. கொக்கின் தலையில் வெண்ணெயை வைக்கவேண்டும், வெயிலில் அது உருகவேண்டும், உருகிய வெண்ணெய் கண்ணில் வழிந்து கொக்குக் குருடாகவேண்டும், அப்போது போய்ப் பிடிக்கவேண்டும். இந்தக் கதை முழுவதும் தமிழனின் மனத்தில் மறைந்து கிடக்கிறது. வெண்ணெய் வைக்கும் அளவுக்குக் கொக்கை நெருங்க முடிந்தவன் அப்போதே அதைப் பிடித்திருக்கலாமே என்பதுதான் நகை. இக்கதை தெரியாதவன் முன்னே நேர்பெயர்ப்பு வெறும் உளறல்.

ஆனால் ஆங்கிலத்தில் பறவையின் வாலில் உப்பு வைத்துப் பிடிக்கும் பேச்சு உண்டு. சிறுவரிடம் பெரியோர் விளையாட்டாகச் சொல்வது அது. அங்கும் அதே தர்க்கம்தான். உப்பு வைக்கும் அளவுக்குக் கிட்டப் போகத் தெரிந்தவனுக்கு உப்பே வேண்டாம். படம் வேறு, பகடி ஒன்று. இத்தகைய இடத்தில் இணைப் பழமொழியைப் போடுவதால் இழப்பு மிகச் சிறிது. வெண்ணெயோ கொக்கோ இங்கே யாருடைய வாழ்வையும் சுமந்து நிற்கவில்லை, சுற்றி வளைக்கும் மூடத் திட்டமொன்றை எள்ளுவதற்கு வந்த கருவிகள் அவை. கதையொன்றில் ஒரு பாத்திரம் இதைச் சொன்னால், உப்பைப் போட்டுவிட்டு மேலே செல்லலாம். தொகுப்பு நூலானால் மட்டும் கொக்கையும் வெண்ணெயையும் காட்டி, வெயிலின் வேலையை ஒரு வாக்கியத்தில் சொல்லவேண்டும்.

சிங்களத்திலும் இப்படிப்பட்ட நற்பேறான இணைகள் உண்டு. கேட்டதற்கு மாறாக விடை சொல்பவனைப் பற்றிச் சிங்களவர், "கொஹெத யன்னே? மல்லே பொல்" என்பார்கள். எங்கே போகிறாய் என்று கேட்டால் பையில் தேங்காய் என்கிறானாம். நம்மவர், பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்கிறான் என்பார்கள். இரண்டையும் அருகருகே வைத்தபோது மாணாக்கர் சிரித்த சிரிப்பே அவை இணை என்பதற்குச் சான்று. இலங்கைச் சிங்கள மாணவன் ஒருவனுக்குப் பட்டுக்கோட்டை எந்த மாவட்டத்தில் உள்ளது என்று குறிப்பு எழுதுவதைப்போல வீண்வேலை வேறில்லை.

இனி இன்னொரு சிங்களச் சொல்லைப் பாருங்கள். "இங்குரு தீலா மிரிஸ் கத்தா வகே" என்பது அது. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்று பொருள். எண்ணெய்ச் சட்டிக்குத் தப்பி எரிகிற நெருப்பில் விழுந்தாற்போல என்ற நம் பழமொழியை இதற்கு இணையாக எழுதினார் ஒரு மாணவர். அது தவறு என்று நாம் கருதினோம். நெருப்பில் விழுந்தவன் தப்பி ஓடியவன், அவனுக்குத் தெரிவு இருக்கவில்லை. இஞ்சி கொடுத்தவனோ தானே பண்டமாற்றுச் செய்தவன். உறைப்பு வேண்டாம் என்று கொடுத்து, அதைவிட உறைப்பானதைக் கைநீட்டி வாங்கிக்கொண்டவன். ஓர் ஆட்சியை வாக்களித்து நீக்கி அதனினும் கொடியதை வாக்களித்து ஏற்றிய மக்கள் இந்தச் சொல்லைச் சொல்லும்போது அதில் தம்மையே நோகும் குரல் இருக்கிறது. எண்ணெய்ச் சட்டியில் அந்தக் குரல் இல்லை. இஞ்சியும் மிளகாயும் தமிழன் வீட்டு அடுக்களையிலும் இருக்கையில் இணையைத் தேடி ஏன் அலையவேண்டும்? நேர்பெயர்ப்பே இங்கே முழுமையான பெயர்ப்பு. குறிப்பும் வேண்டாம்.

இதிலிருந்து ஒரு சோதனை நமக்குக் கிடைத்தது. பெயர்த்த வரியை அதன் மூலம் தெரியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டி, இதை யார், யாரிடம், எப்போது சொல்வார் என்று கேட்பதுதான் அது. இதற்குப் பொருள் என்ன என்று கேட்கக்கூடாது. அப்படிக் கேட்டால் எவரும் நீதிநூற் பாணியில் ஒரு விளக்கம் சொல்லிவிடுவர். யார் வாயிலிருந்து வரும் என்று கேட்டால்தான் குட்டு வெளிப்படும். மூலத்தைச் சொன்ன முதியவரிடமும் அதே கேள்வியைக் கேட்டு இரு விடைகளையும் ஒப்பிட்டால், பெயர்ப்பு எங்கே வழுவியது என்று தெரிந்துவிடும்.

இந்தச் சோதனையில் நாம் எதிர்பாராத விதமாகத் தோற்றது, எளிதென்று எண்ணிய ஒரு பழமொழி. "ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்." மட்டக்களப்பு வாவிக் கரைகளில் வாழ்ந்த நம் முன்னோருக்கு இது கற்பனையன்று. துறைக்கு வந்த வண்டி ஓடத்தில் ஏறித்தான் அக்கரை போனது. பழுதான ஓடம் வண்டியில் ஏறித்தான் தச்சனிடம் போனது. மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கப்படும் வரை வாகனம் சுமக்கும் ஓடப் போக்குவரத்து நிலைத்திருந்தது. பாலத்தில் ஏறிப் பள்ளிக்குச் செல்லும் இன்றைய பிள்ளைக்கோ ஓடத்தில் ஏறும் வண்டியைப் பற்றித் தமிழிலேயே குறிப்பு எழுதவேண்டிய காலம் வந்துவிட்டது. மொழிபெயர்ப்புச் சிக்கல் இரு மொழிகளுக்கிடையில் மட்டுமன்று, ஒரே மொழியின் இரு தலைமுறைகளுக்கிடையிலும் தோன்றும் என்பதற்கு இது சாட்சி.

ஆங்கிலத்தில் இதற்கு இணை கேட்டால், ஒவ்வொரு நாய்க்கும் ஒரு நாள் வரும் என்ற அவர்கள் பழமொழியைத்தான் பலரும் நீட்டுவர். இரண்டுமே காலம் மாறும் என்கின்றன என்பது உண்மை. ஆனால் நாய்க்கு நாள் வரும்போது நாய் மட்டுமே உயர்கிறது, நேற்று உயர்ந்திருந்தவன் என்ன ஆனான் என்ற பேச்சே அங்கில்லை. ஓடமும் வண்டியுமோ ஒன்றையொன்று சுமப்பவை. நேற்றுச் சுமந்தது இன்று சுமக்கப்படுகிறது. இன்று மேலே இருப்பவன் தன்னைச் சுமப்பவனிடம் நாளை தன் பாரத்தை இறக்கவேண்டியவன். இது ஏழையின் ஆறுதல் மாத்திரமன்று, இருப்பவனுக்கு விடுக்கும் எச்சரிக்கையும் கூட. நாயைப் போட்டால் எச்சரிக்கை மறைந்து ஆறுதல் மட்டும் எஞ்சுகிறது. போதாக்குறைக்கு, ஆங்கிலேயன் அன்போடு சொல்லும் நாய் தமிழில் வசைச்சொல். மீண்டும் தமிழுக்கு வரும்போது அது யாரையோ இழித்துரைப்பதாகிவிடும்.

இங்கே நாம் பரிந்துரைப்பது நேர்பெயர்ப்பும் மிகச் சிறிய துணைச்சொல்லும். "ஆற்றைக் கடக்கும் நாளில் வண்டி ஓடத்தில் ஏறும், பழுது பார்க்கும் நாளில் ஓடம் வண்டியில் ஏறும்" என்ற போக்கில் பெயர்த்துவிட்டால், குறிப்பே பழமொழிக்குள் கரைந்துவிடுகிறது. அடிக்குறிப்பால் கதையின் ஓட்டம் தடைப்படுவதுமில்லை. ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. மூன்று துணைச்சொற்களுக்கு மேல் சேர்த்தால் அது பழமொழியாக இராது, பாடமாகிவிடும். பழமொழி என்பது இரு கால்களில் நிற்கும் குறுகிய உருவம். ஒரு மூச்சில் சொல்லி முடிக்கவேண்டியதை மூன்று மூச்சில் சொல்லுமாறு பெயர்த்தவர், பொருளைக் காப்பாற்றிவிட்டு உயிரை விட்டவராவார்.

தொன் கிஹோத்தே நாவலில் சாஞ்சோ பான்சா என்ற குடியானவன் வாய் திறந்தால் பழமொழியாகவே கொட்டுகிறான். எசமானன் அதற்காக அவனைக் கடிந்துகொள்வதும் உண்டு. அவன் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் பதிலாகப் பெயர்ப்பாளன் தன் நாட்டுப் பழமொழியை வைத்துக்கொண்டே போவானாயின், நாவல் முடியுமுன் அந்த ஸ்பானியக் குடியானவன் மறைந்துபோய், பெயர்ப்பாளன் ஊர் வேலைக்காரன் ஒருவன் கழுதைமேல் அமர்ந்திருப்பான். ஒன்றிரண்டில் தெரியாத இந்த மாற்றம் நூறில் தெரிந்துவிடும். இணைப் பழமொழியைக் கையாள்வோர் தனி வரியைப் பார்த்து முடிவுசெய்யாமல் பாத்திரத்தின் முழுப் பேச்சையும் பார்க்கவேண்டுவது இதனாலேயே.

நாம் சொல்ல வந்ததன் நடுப்பகுதிக்கு இப்போது வருகிறோம். "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது." தமிழ் வழங்கும் இடமெல்லாம் வழங்கும் பழமொழி இது. உழக்கு என்பது நெல் அளக்கும் சிறு அளவை, நாழியின் காற்பங்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. ஒரு போகம் முழுவதும் சேற்றில் நின்றவன் விதை, எரு, மாடு, கூலி, வட்டி என்று கணக்கிட்டால், அவன் கையில் ஒருவேளைச் சோற்றுக்கான நெல்லும் நிற்காது என்பதே செய்தி. உழுதவன், உழக்கு என்ற மோனை இதைக் காதில் நிறுத்துகிறது. உழைப்புக்கும் பலனுக்கும் ஒரே எழுத்துத் தொடக்கம், ஆனால் ஒன்று மலை, மற்றது மடு. இந்த ஓசைப் பகடியை எந்த மொழியிலும் கொண்டுசெல்ல இயலாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வோம்.

ஆங்கில இணை தேடிய மாணவர்கள், செருப்புத் தைப்பவன் பிள்ளைகள் வெறுங்காலோடு திரிவர் என்ற பொருளுடைய பழமொழியைக் கொண்டுவந்தனர். மேலோட்டத்தில் பொருத்தம்தான். இரண்டிலும் செய்பவனுக்குப் பலன் இல்லை. ஆனால் செருப்புத் தைப்பவன் ஊரார் செருப்பைத் தைப்பதில் மூழ்கித் தன் வீட்டை மறந்தவன். அவனை யாரும் ஏமாற்றவில்லை. கவனக்குறைவு என்று சிரித்துவிட்டுப் போகலாம். உழுதவனின் நெல் மறதியால் போகவில்லை. அது எடுத்துக்கொள்ளப்பட்டது. இந்த இணையைப் போடுபவர் தாம் அறியாமலே ஒரு சுரண்டலை ஒரு மறதியாக மாற்றிவிடுகிறார். இதைத்தான் ஊரின் வாய்க்கு நேரும் இழப்பு என்று தொடக்கத்திற் குறிப்பிட்டோம்.

நேர்பெயர்ப்பு ஆங்கிலத்தில் ஓரளவே கைகொடுக்கிறது. உழக்கு என்ற சொல்லை அப்படியே வைத்தால் அந்த வாசகனுக்கு அது பெரிதா சிறிதா என்று தெரியாது. அது தெரியாவிட்டால் பழமொழியே இல்லை. ஒரு கோப்பை நெல் என்று எழுதுவது தக்கது. அளவை மாறினாலும் சிறுமை மாறவில்லை. அளவைகளைப் பெயர்க்கும்போது எண்ணிக்கைத் துல்லியத்தைவிட அது கையில் எவ்வளவு என்ற உணர்வே முதன்மை என்பது இங்கே விளங்கும்.

சிங்களத்திலோ நற்பேறு நமக்காகக் காத்திருந்தது. நாழிக்கு அவர்களிடம் நெளிய உண்டு. நெளியவின் காற்பங்கு ஹுண்டுவ. நம் உழக்கு நாழிக்கு எப்படியோ, அவர்கள் ஹுண்டுவ நெளியவுக்கு அப்படி. கொவியா கணக்குப் பார்த்தால் ஹுண்டுவகூட மிஞ்சாது என்று பெயர்த்தபோது, அது சிங்களத்தில் ஏற்கனவே இருந்த பழமொழி போலவே ஒலித்தது. இதற்கு மொழித்திறன் மட்டும் காரணமன்று. இரு இனத்து உழவரும் ஒரே வகை வயலில் ஒரே வகை அளவையால் ஒரே வகையாக அளந்து கொடுத்து வந்திருக்கிறார்கள் என்பதே காரணம். இரு மக்களையும் பிரித்துப் பேசுவோர் ஏராளமாயுள்ள நாட்டில், உழக்கும் ஹுண்டுவவும் சொல்லும் செய்தியை மாணாக்கர் தாமாகவே கண்டுபிடித்தனர்.

இத்தோடு முடிந்ததென்று எண்ணினோம். ஆனால் நம் சோதனைக் கேள்வி மிச்சமிருந்தது. இதை யார், யாரிடம் சொல்வார்? முதியோர் இருவேறு விடை தந்தனர். உழவன் தன் மனைவியிடமோ அயலவனிடமோ சொல்லும்போது இது ஒரு குற்றச்சாட்டு. கணக்குப் பார்த்தேன், ஒன்றுமில்லை, யாரோ கொண்டுபோய்விட்டார்கள் என்பதே அதன் தொனி. ஆனால் இதே சொல்லை மேலிருப்பவனும் சொல்வான். மட்டக்களப்பு வயல்வெளியில் நிலமுடைய போடியாரும், வயலைப் பார்த்துச் செய்விக்கும் முல்லைக்காரரும், கீழே நின்று உழைக்கும் வயற்காரரும் என்ற அடுக்கு நெடுங்காலம் நிலவியது. களத்தில் நெல் பங்கிடும்போது கூடுதலாகக் கேள்வி கேட்கும் வயற்காரனிடம், உழுதவன் கணக்குப் பார்க்கக்கூடாதடா என்று தோளைத் தட்டிச் சொல்லும்போது அது குற்றச்சாட்டன்று, கட்டளை. கணக்குப் பாராதே, பார்த்தால் உனக்குத்தான் மனவருத்தம். அதே ஐந்து சொற்கள், எதிரெதிர் வர்க்கங்களுக்காக உழைக்கின்றன.

1958இல் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், குத்தகை உழவனின் உரிமையையும் அவன் கொடுக்கவேண்டிய பங்கையும் எழுத்தில் வரையறுக்க முனைந்தது. அதாவது உழுதவனைக் கணக்குப் பார்க்கச் சொன்ன சட்டம் அது. அச்சட்டம் எவ்வளவு நடைமுறைக்கு வந்தது என்பது வேறு கதை. இப்பழமொழிக்கு விளக்கக் குறிப்பு எழுதுபவர், வேளாண்மையில் இலாபம் குறைவு என்று எழுதிவிட்டு நகர்வாரானால், அவர் பழமொழியின் தலையையும் வாலையும் வெட்டிவிட்டு நடுமுண்டத்தைத் தருகிறார். உழவன் சொன்னால் முறையீடு, நிலமுடையவன் சொன்னால் வாயடைப்பு என்ற ஒரே வரி போதும். ஆனால் அந்த ஒரு வரி இன்றியமையாதது. இங்கே நேர்பெயர்ப்பும் குறிப்பும் சேர்ந்தே இயங்கவேண்டும், இணைப் பழமொழிக்கு இடமே இல்லை.

குறிப்பு என்பது எப்போது இன்றியமையாதது என்பதற்கு மட்டக்களப்பைப் பற்றியே பிறர் சொல்லும் ஒரு சொல் உண்டு. மட்டக்களப்பார் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்பது அது. நேர்பெயர்ப்பைக் கேட்கும் அந்நியன், பசை தடவிய பாயைக் கற்பனை செய்வான். வடக்கிலிருந்து வியாபாரத்துக்கோ உத்தியோகத்துக்கோ வந்த ஆடவர், இங்கே மணம் செய்து ஊர் திரும்பாமலே தங்கிவிட்டதைப் பார்த்த உறவினர், மந்திரத்தால் மயக்கிப் பாயில் ஒட்டவைத்துவிட்டார்கள் என்று பேசினர். மந்திரத்துக்குப் பேர்போன நாடு என்ற பேச்சும் அதற்குத் துணைசெய்தது. அச்சொல்லைக் கேட்ட மட்டக்களப்பு மக்களோ அதைத் தம் பக்கம் திருப்பி, எம் விருந்தோம்பலில் மயங்கியவர் எழுந்து போகார் என்று பெருமையாக்கிக்கொண்டனர்.

இரண்டு விளக்கங்களும் வழங்குகின்றன. ஒன்றை மட்டும் எழுதுவது பக்கச்சார்பு. ஆனால் இரண்டையும் எழுதிவிட்டாலும் போதாது. இப்பகுதியில் வீடும் காணியும் பெண்மக்களுக்கே சீதனமாய்ப் போயின. மணமகன் பெண் வீட்டுக்குக் குடிவந்தான். வந்தவனை நிறுத்தியது மந்திரமுமன்று, விருந்தும் மட்டுமன்று. பெண்ணுக்கு உரிமையான வீடும் வயலுமே அவனை நிறுத்தின. அதைக் காண விரும்பாதவர்களுக்கு மந்திரம் வசதியான விளக்கம். மூன்று வரிக் குறிப்பில் இதைச் சொல்லிவிட முடியும். சொல்லாவிட்டால் ஒரு பிரதேசத்தார் இன்னொரு பிரதேசத்தார் மேல் வைத்த இளக்காரம், சுவையான நாட்டுப்புறச் செய்தியாக வேற்றுமொழியிலும் குடியேறிவிடும்.

இவ்வளவு சொன்னதால் குறிப்பே எல்லாவற்றுக்கும் மருந்து என்று நாம் கருதுவதாக வாசகர் எண்ணலாகாது. மூன்று வழிகளில் மிக எளிதில் பொய் சொல்லக்கூடியது குறிப்புத்தான். நேர்பெயர்ப்பில் பொய் சொன்னால் மூலத்தோடு ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம். இணைப் பழமொழி பொருந்தாவிட்டால் காதே சொல்லிவிடும். குறிப்பு அறிஞர் உடையில் வருவதால் யாரும் அதை நிறுத்திக் கேட்பதில்லை.

"பெண் புத்தி பின் புத்தி" என்ற பழமொழியை எடுங்கள். பெண்ணின் அறிவு காரியம் முடிந்த பின்னரே வரும் என்ற இழிவுரை அது. அப்படித்தான் நம் வீடுகளில் அது சொல்லப்பட்டது, அப்படித்தான் பெண்கள் அதைக் கேட்டுத் தலைகுனிந்தனர். அண்மைக் காலத்தில் இதற்குப் புது உரையொன்று உலவுகிறது. பின்னால் வரப்போவதை முன்கூட்டியே அறியும் புத்தி என்பதே உண்மைப் பொருளாம். நம் முன்னோர் பெண்ணைப் போற்றினராம், இடையில் வந்தோர் திரித்துவிட்டனராம். சேலை கட்டிய மாதரை நம்பாதே என்பதற்கும் இவ்வாறே சொற்களைப் பிரித்துப் புதுப்பொருள் காட்டுகிறார்கள். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பதை வேரைக் கொன்றவன் என்று திருத்துகிறார்கள். இவர்கள் நல்லெண்ணத்தோடு செய்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வைத்தியனைப் பற்றிய நோயாளியின் கசப்பான பகடியை மூலிகைப் பாடமாக மாற்றியதில் யாருக்கு என்ன நன்மை? நோயாளிக்கு இல்லை.

இப்புது உரையை நம்பி, பெண்ணின் தொலைநோக்கைப் போற்றும் தமிழ்ப் பழமொழி என்று ஆங்கிலத்தில் ஒருவர் குறிப்பெழுதினால், இச்சொல்லால் வாயடைக்கப்பட்ட எல்லாப் பெண்களும் அக்குறிப்பிலிருந்து வெளியேற்றப்படுவர். வழக்கே பொருளைத் தீர்மானிக்கும். புத்தகத்தில் உட்கார்ந்து சொல்லைப் பிரித்துப் பார்ப்பது வழக்காகாது. மீண்டும் நம் கேள்வியைக் கேட்போம். இதை யார், யாரிடம், எப்போது சொல்கிறார்? தன் மனைவியின் தொலைநோக்கைக் கண்டு வியந்த கணவன் எவனாவது பெண் புத்தி பின் புத்தி என்று சொல்லக் கேட்டவர் உண்டா?

சிங்களத்தில் இதற்கு இணை தேடுவோர் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. பெண்ணின் மூளை அகப்பைக் காம்பின் நீளம்தான் என்ற பொருளில் அவர்களிடமும் ஒரு பழமொழி உண்டு. இணை கச்சிதமாகப் பொருந்துகிறது. பொருந்துவதாலேயே இங்கு ஓர் இடர் இருக்கிறது. ஒரு மொழியின் வசையை இன்னொரு மொழியின் வசையால் பெயர்க்கும்போது வாசகனுக்கு ஒரு தடையும் தோன்றுவதில்லை. பழகிய வசை பழகிய இடத்தில் வந்து அமர்ந்துவிடுகிறது. கதைப் பாத்திரம் வாயில் அது வருமானால் இணையே சரி. அவன் எத்தகையவன் என்பதை வாசகன் உடனே உணரவேண்டும். தொகுப்பு நூலிலோ, நேர்பெயர்ப்பைத் தந்து, இணையைக் காட்டி, பெண்ணின் பேச்சைத் தள்ளிவைக்க ஆடவர் வழங்குவது என்றும், அண்மையில் இதற்கு எதிர்ப்பொருள் கற்பிக்கப்படுகிறது, வழக்கில் அது இல்லை என்றும் எழுதவேண்டும். மாங்கேணி மாணாக்கரின் ஏட்டில் இப்பழமொழிக்கு எதிரே இப்போது அவ்வாறே எழுதப்பட்டுள்ளது. எழுதியவர் ஒரு மாணவி. பழமொழியைச் சொன்ன முதியவர் பெயருக்கு நேரே, இதை நீங்கள் யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்ட கேள்வியையும், அவர் சற்று நேரம் பேசாமலிருந்ததையும் அவர் குறித்திருக்கிறார்.